வால்வை மூடுவது யார்?

அறிவிப்புகளைத் தமிழாக்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு விதியை வகுத்துத் தந்திருக்கிறது. ஆங்கில மூலத்தில் 'வீ' என்றோ இந்தி மூலத்தில் 'ஹம்' என்றோ வந்தால், எந்த இடமானாலும் 'நாம்' என்று எழுதிவிட வேண்டும் என்பதே அது. 'நாங்கள்' அதிகாரத்தின் குரல், மக்களை வெளியே நிறுத்துகிறது. 'நாம்' அரவணைக்கிறது என்று கட்டுரையாளர் காரணம் சொல்கிறார். பேச்சுத்தமிழில் இந்த வேறுபாடு ஏற்கனவே கரைந்துவிட்டது என்றும், மூலத்தில் இல்லாத வேறுபாட்டைச் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் அத்துமீறல் என்றும் சொல்கிறார். கடைசியாக, யாருக்காவது மனம் ஒப்பாவிட்டால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு வினைமுற்றை மட்டும் எழுதினால் போதும் என்று ஒரு மாற்றுவழியும் தருகிறார்.

இந்த நான்கில் ஒன்றுகூட நிற்காது. இவற்றைப் பின்பற்றி எழுதப்படும் அறிவிப்பு தவறான தகவலைத் தரும். அதைக் காட்ட நான் வேறெங்கும் தேடிப் போகவில்லை. அவரே தன் விதிக்குச் சான்றாக ஒரு குடிநீர் அறிவிப்பைத் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறார். அது இது:

"12ஆம் தேதி காலை 6 மணிக்கு நாம் பிரதானக் குழாயின் வால்வை மூடுவோம். இரண்டு நாட்களுக்கு நாம் குடிநீர் வழங்க இயலாது. இந்த நாட்களில் நாம் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். கட்டண பாக்கி உள்ள வீடுகளின் இணைப்பை நாம் துண்டிக்க நேரிடும். ஏற்படும் சிரமத்துக்கு நாம் வருந்துகிறோம்."

ஐந்து வாக்கியம், ஐந்து 'நாம்'. இவற்றில் சரியானது ஒன்றே ஒன்று. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டியவர்களில் அறிவிப்பைப் படிக்கிறவரும் உண்டு, அதை எழுதிய அதிகாரியும் உண்டு. அதனால் மூன்றாவது வாக்கியத்தில் 'நாம்' பொருந்துகிறது. மற்ற நான்கிலும் வேலையைச் செய்வது குடிநீர் வாரியம், அதன் விளைவை ஏற்பது வீட்டுக்காரர். செய்பவரையும் ஏற்பவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டால் யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்பதே போய்விடுகிறது. குடிநீர் வழங்க இயலாத 'நாம்' என்றால், வழங்கும் பொறுப்பு அந்தத் தெருவில் குடத்தோடு நிற்பவளுக்கும் உண்டு என்றாகிறது. இணைப்பைத் துண்டிக்கப்போகும் 'நாம்' என்றால், பாக்கி வைத்திருப்பவரே தன் குழாயைத் தானே துண்டிக்கிறார் என்றாகிறது. கடைசி வாக்கியம் இவற்றைவிட மோசம். தவித்த வாயோடு இருக்கிறவரையும் சேர்த்துக்கொண்டு அவருடைய தவிப்புக்கு அவரையே வருந்தச் சொல்கிறது. மன்னிப்புக் கேட்பவர் ஒரு பக்கமும் கேட்கப்படுபவர் எதிர்ப்பக்கமும் நிற்க வேண்டும். 'நாம் வருந்துகிறோம்' என்ற தொடரில் எதிர்ப்பக்கமே இல்லை. இதற்கு அரவணைப்பு என்று பெயர் சூட்டுகிறார் கட்டுரையாளர். பொறுப்பைப் பாதிக்கப்பட்டவர் தலையிலும் ஏற்றிவைப்பதற்கு நான் அந்தப் பெயரைத் தர மாட்டேன்.

முதல் வாக்கியத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கே நடப்பது தொனிப் பிழை அல்ல, பொருளே தலைகீழாகும் பிழை. தமிழில் 'நாம்' எதிர்கால வினையோடு சேரும்போது அது பெரும்பாலும் அழைப்பாக மாறிவிடும். 'நாம் போவோம்' என்றால் 'வாருங்கள், சேர்ந்து போகலாம்' என்று பொருள். 'நாம் கேட்போம்' என்றால் 'கேட்டுப் பார்க்கலாம், வா' என்று பொருள். 'நாங்கள் போவோம்' என்றால் அப்படி இல்லை. அது வெறும் தகவல், போகிறவர்கள் நாங்கள், நீங்கள் இல்லை. ஆக, 'காலை 6 மணிக்கு நாம் பிரதானக் குழாயின் வால்வை மூடுவோம்' என்பதைத் தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் எப்படிப் படிப்பார்? காலை ஆறு மணிக்கு எல்லோரும் சேர்ந்து வால்வை மூட வேண்டும் என்றுதான். அடுக்ககத்தின் தரைத்தளத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வால்வு இருக்கிறது. காவலாளி அதைத்தான் மூடுவார். வாரியம் தன் வேலையைச் சொல்ல வந்தது. மொழிபெயர்ப்பு அதைப் படிப்பவருக்குக் கட்டளையாக்கிவிட்டது. ஆங்கில மூலத்தைக் கையில் வைத்திருக்கிற கட்டுரையாளருக்கு இது தெரியவில்லை, ஏனென்றால் அவர் தமிழை ஆங்கிலத்தின் ஊடாகப் படிக்கிறார். மூலம் கையில் இல்லாதவருக்காகத்தான் நாம் மொழிபெயர்க்கிறோம் என்பதை அவர் ஓரிடத்திலும் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்தது, பேச்சில் வேறுபாடு கரைந்துவிட்டது என்ற வாதம். இதற்கு அவர் தரும் ஆதாரம், 'நாம' என்ற சொல் இளைஞர் பேச்சில் அரிதாகிவிட்டது என்பது. அவர் கவனித்தது உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவு பொய். 'நாம' குறைந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது 'நாங்க' அல்ல, 'நம்ம'. 'நாம போலாம்' என்று சொல்லி வந்தவர்கள் இன்று 'நம்ம போலாம்' என்கிறார்கள். வேற்றுமை உருபு ஏற்கும் வடிவமாக இருந்த 'நம்ம' எழுவாயாகவும் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். 'நம்ம போலாம்' என்பதற்கும் 'நாங்க போறோம்' என்பதற்கும் உள்ள இடைவெளி ஒரு இழைகூடக் குறையவில்லை. முதலாவதைக் கேட்ட நண்பன் செருப்பை மாட்டுவான், இரண்டாவதைக் கேட்டவன் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பான். புகுந்த வீட்டில் மருமகள் தன் பிறந்த வீட்டை 'எங்க வீடு' என்று சொன்னால் மாமியாரின் முகம் மாறுவதும், புகுந்த வீட்டை 'நம்ம வீடு' என்று சொல்லும் நாளில் அதே முகம் மலர்வதும் எந்த இலக்கணம் படித்ததால் வந்தவை? வேறுபாடு கரைந்திருந்தால் இந்த மனத்தாங்கலுக்கு இடமே இல்லை.

எழுத்திலும் அது உயிரோடு இருப்பதற்கு ஒரு சான்று கலெக்டர் அலுவலக வாசலில் தினமும் கிடைக்கிறது. அங்கே உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவர், சாலை கேட்டும் தண்ணீர் கேட்டும் வருகிற ஊராருக்காக 'கிராமப் பொதுமக்களாகிய நாங்கள்' என்றுதான் தொடங்குவார். அவர் 'நாம்' என்று எழுதிவிட்டால் கலெக்டரும் அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவார், அவரிடமே கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. இதையே இந்திய அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையோடு வைத்துப் பாருங்கள். 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அந்த முகப்புரையில் மக்கள் தங்களுக்குத் தாங்களே அரசமைப்பை வழங்கிக்கொள்கிறார்கள். எதிரே நின்று கேட்கும் வேறொருவர் அங்கே இல்லை. அதனால் தமிழில் 'இந்திய மக்களாகிய நாம்' என்பதே பொருந்தும், பாடநூல்களில் மாணவர்கள் படிப்பதும் அதுவே. ஆங்கிலத்தில் இரண்டுமே 'வீ, த பீப்பிள்' என்று தொடங்கக்கூடியவை. தமிழ் இரண்டு சொற்களைக் கேட்கிறது. மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவருக்குத் தெரிந்த இந்தச் செய்தியை, மொழிபெயர்ப்புக்கு விதி எழுதப் புறப்பட்டவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

வினைமுற்றில் இரண்டுக்கும் ஒரே விகுதிதானே, 'வந்தோம்' என்பது இருவருக்கும் பொதுதானே, இலக்கணமே வேறுபாட்டைக் கைவிட்டுவிட்டதே என்றும் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். பழந்தமிழில் வினை விகுதியே இந்த வேறுபாட்டைச் சுமந்தது. அம், ஆம் என்ற விகுதிகள் முன்னிலையாரை, அதாவது கேட்பவரை, பேசுபவரோடு சேர்க்கும் என்றும், எம், ஏம், ஓம் ஆகியவை படர்க்கையாரைச் சேர்க்கும் என்றும் நன்னூல் வகுக்கிறது. முதலாவதற்கு முன்னிலை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயர். பின்னால் மற்ற விகுதிகள் வழக்கொழிந்து 'ஓம்' மட்டுமே எல்லா இடத்துக்கும் பொதுவாகிவிட்டது. வினை இறக்கிவைத்த சுமையை இப்போது சுமப்பது 'நாம்', 'நாங்கள்' என்ற பெயர்ச்சொல் மட்டும்தான். நன்னூல் காலத்தில் பெயரைத் தவறாக எழுதினாலும் விகுதி காட்டிக் கொடுத்திருக்கும், இன்று காட்டிக் கொடுக்க வேறு எதுவும் இல்லை. கட்டுரையாளர் சொல்லும் உண்மை அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்ற வாதம் கேட்க நேர்மையாகத் தோன்றும். ஆனால் அவரே அதைக் கடைப்பிடிப்பதில்லை. ஆங்கில 'யூ' ஒருமையா பன்மையா, மரியாதையா இல்லையா என்று சொல்லாது. அவர் தன் கட்டுரையில் தரும் எல்லா மொழிபெயர்ப்புகளிலும் 'நீங்கள்', 'தங்கள்' என்றே எழுதுகிறார். ஓரிடத்திலாவது 'நீ உன் பாக்கியைச் செலுத்து' என்று எழுதினாரா? இல்லை. மூலம் சொல்லாத மரியாதையைத் தமிழ் கேட்கிறது என்று அவருக்குத் தெரியும், அதனால் சேர்த்தார், சரியாகவே சேர்த்தார். தமிழ் கட்டாயமாகக் கேட்கும் இன்னொரு செய்தி வரும்போது மட்டும் அது அத்துமீறலாகிவிடுகிறது. அதுவுமில்லாமல் 'நாம்' என்பது நடுநிலைச் சொல் அல்ல. கேட்பவரும் சேர்ந்தவர் என்று உறுதியாகச் சொல்லும் சொல் அது. எங்கும் 'நாம்' என்று எழுதுகிறவர், மூலம் சொல்லாத ஒன்றை எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டே போகிறார். தேர்ந்தெடுக்காமல் தப்பிக்கத் தமிழில் வழி இல்லை. தெலுங்கிலும் மலையாளத்திலும் மராத்தியிலும்கூட இல்லை. அந்த மொழிகளுக்கு மொழிபெயர்ப்பவர்களும் இதே 'ஹம்' முன்னால் நின்று யோசித்துத்தான் எழுதுகிறார்கள்.

இந்தி மூலத்தில் சிக்கல் கொஞ்சம் கூடுதல், அதைக் கட்டுரை தொடவே இல்லை. கிழக்கு உத்தரப் பிரதேசம், பீகார்ப் பக்கங்களில் ஒருவர் தன்னை மட்டுமே குறிக்க 'ஹம்' என்பது அன்றாட வழக்கம். அந்தப் பேச்சைத் தமிழாக்கும்போது சரியான சொல் 'நாம்' அல்ல, 'நாங்கள்'கூட அல்ல, 'நான்'. 'ஹமாரா தேஷ்' என்ற தொடரைப் பாருங்கள். இந்தியில் பேசும் தலைவர் ஒருவர் மதுரையிலோ திருச்சியிலோ மேடையில் அதைச் சொல்கிறார் என்று வையுங்கள். பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் 'எங்கள் நாடு' என்று சொல்லிவிட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே சொல்லில் அந்நியராக்கிவிடுகிறார். அங்கே 'நம் நாடு' தவிர வேறு எதுவும் சரியாகாது. அதே தலைவர் வெளிநாட்டுத் தூதுக்குழுவிடம் அதே தொடரைச் சொன்னால், தமிழ்ச் செய்தியாளர் 'எங்கள் நாடு' என்றுதான் எழுத வேண்டும். மூலத்தில் ஓரெழுத்து மாறவில்லை, மாறியது கேட்பவர். 'நாங்கள்' தவறாக வந்தால் மக்களைத் தள்ளிவைக்கும் என்று கட்டுரையாளர் அஞ்சுவதில் நியாயம் உண்டு என்பதை இந்த இடத்துக்காக ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து ஆளையும் இடத்தையும் பார்த்து எழுதுவது. எல்லா இடத்திலும் 'நாம்' போடுவது மருந்து அல்ல.

கடைசியில் அவர் காட்டும் மாற்றுவழிக்கு வருகிறேன். சொல்லை விட்டுவிட்டு வினையை மட்டும் எழுதலாம் என்கிறார். சில இடங்களில் இதைவிட நல்ல வழி இல்லை. ரயில் நிலையத்தில் வண்டி தாமதமாகும்போது இந்தியில் 'ஹமே கேத் ஹை' என்று 'எங்களுக்கு' என்ற சொல்லோடு வருவது, தமிழில் 'அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று பெயர்ச்சொல் இல்லாமல் வருகிறது. வருந்துவது ரயில்வே என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை, வாக்கியமும் இயல்பாக இருக்கிறது. ஆனால் இது எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி அல்ல. எங்கெங்கே உடையும் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்காலத்தில் உடையும். 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்ற சுவர் வாசகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பெயர்ச்சொல் இல்லாமல் வரும் '-வோம்', '-ப்போம்' நம் காதுக்கு அறைகூவலாகவே கேட்கும். 'இரண்டு நாட்கள் குடிநீரை நிறுத்துவோம்' என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் பாருங்கள், போராட்டக் கோஷம்போல இருக்கும். எதிர்மறையிலும் உடையும். 'செய்யவில்லை', 'வரவில்லை' போன்ற சொற்களில் ஆள் காட்டும் விகுதியே கிடையாது. 'உங்கள் கட்டணத்தை இன்னும் வரவு வைக்கவில்லை' என்று பெயர்ச்சொல் இல்லாமல் எழுதினால், வரவு வைக்காதது வங்கியா, வாரியமா, பணம் கட்டியவரா என்று தெரியாது. 'தேவை', 'வேண்டும்', 'தெரியும்' இவற்றோடும் அப்படியே. 'கூடுதலாக இரண்டு நாள் தேவை' என்றால் யாருக்குத் தேவை? 'எங்களுக்கு' என்ற சொல் அங்கே கட்டாயம். உடைமையிலோ விட்டுவிடவே முடியாது. 'அவர் ஸ்டாஃப்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் 'எங்கள் ஊழியர்கள்' என்றோ 'வாரிய ஊழியர்கள்' என்றோ எழுதித்தான் ஆக வேண்டும். வெறும் 'ஊழியர்கள் வருவார்கள், கதவைத் திறந்துவிடுங்கள்' என்று அறிவித்தால் முன்பின் தெரியாத எவனும் உள்ளே நுழைவான்.

அப்படியானால் எப்படித்தான் முடிவு செய்வது? வேலை பார்க்கிறவர்கள் செய்வது எளிமையானது. 'வீ' வரும் வாக்கியத்தில் செயலைச் செய்வது யார் என்று முதலில் கேட்பார்கள். கேட்பவரும் அந்தச் செயலைச் செய்கிறாரா? ஆமென்றால் 'நாம்'. அந்தச் செயல் கேட்பவர்மேல் வந்து விழுகிறதா, 'உங்களை', 'உங்களுக்கு' என்று அதே வாக்கியத்தில் எதிரே நிற்கிறாரா? அப்படியென்றால் 'நாங்கள்'. ஆங்கில 'லெட் அஸ்' என்ற தொடரில்கூட இது தெரியும். 'லெட் அஸ் சேவ் வாட்டர்' என்றால் 'நாம் தண்ணீரைச் சேமிப்போம்'. 'லெட் அஸ் நோ' என்றால் 'எங்களுக்குத் தெரிவியுங்கள்'. இந்தியில் 'ஆயியே' என்று அழைப்போடு தொடங்கும் 'ஹம்' பெரும்பாலும் 'நாம்'தான்.

விமான அறிவிப்பில் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் வருவதுண்டு. 7.40க்கு மதுரையில் இறங்குவோம் என்று எதிர்பார்க்கிறோம் என்று விமானி ஆங்கிலத்தில் சொல்கிறார். எதிர்பார்ப்பது விமானியும் அவர் குழுவும், இறங்குவது பயணிகளும் சேர்ந்து. 'நாம் எதிர்பார்க்கிறோம்' தவறு, 'நாங்கள் இறங்குவோம்' பயணிகளை நடுவானில் விட்டுவிடுகிறது. 'விமானம் 7.40க்கு மதுரையில் தரையிறங்கும் என எதிர்பார்க்கிறோம்' என்று எழுதினால் இரண்டு தொல்லையும் இல்லை. அடுத்த வாக்கியத்தில் தேநீர் வருகிறது. 'சற்று நேரத்தில் தேநீர் வழங்குவோம்' என்றால் போதாது, 'எங்கள் பணிப்பெண்கள் தேநீர் வழங்குவார்கள்' என்று எழுத வேண்டும்.

மூலத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாத இடங்களும் உண்டு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆங்கிலத்தில் 'வீ டிசைடட்' என்று சுற்றறிக்கை விடுகிறார். முடிவெடுத்தது பொதுக்குழுவா, செயற்குழு மட்டுமா? பொதுக்குழு என்றால் படிப்பவரும் அதில் பங்கு கொண்டவர், 'நாம்'. செயற்குழு என்றால் அவர் சம்மதம் கேட்கப்படவே இல்லை, 'நாங்கள்'. அங்கே 'நாம் முடிவு செய்தோம்' என்று மொழிபெயர்ப்பாளர் தன்னிச்சையாக எழுதினால், பராமரிப்புக் கட்டண உயர்வுக்குப் படிப்பவர் ஒப்புதல் தந்துவிட்டார் என்று பதிவாகிவிடும். நாளை தகராறு வரும்போது அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஒரு போன் போட்டுச் செயலாளரைக் கேட்க வேண்டும். கேட்க வழியில்லை என்றால் 'சங்கம் முடிவு செய்துள்ளது' என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

கட்டுரையாளரின் குடிநீர் அறிவிப்பை இப்படித் திருத்துகிறேன்:

"12ஆம் தேதி காலை 6 மணிக்குப் பிரதானக் குழாயின் வால்வை எங்கள் ஊழியர்கள் மூடுவார்கள். இரண்டு நாட்களுக்கு எங்களால் குடிநீர் வழங்க இயலாது. இந்த நாட்களில் நாம் எல்லோரும் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். கட்டண பாக்கி உள்ள வீடுகளின் இணைப்பை வாரியம் துண்டிக்க நேரிடும். உங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

இதில் 'நாம்' ஒரே ஒரு முறை, அது உண்மையாக இருக்கும் இடத்தில் மட்டும் வருகிறது. அவருடைய விதியைப் பயிற்சிக் குறிப்பில் சேர்த்துக்கொண்டவர்கள், அடுத்த அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன் அதை அடித்துவிட வேண்டும்.